இறுகும் கருப்பையும் உறையும் ரத்தமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு பெண்ணின் வாழ்நாளில் அவளுடைய ரத்தம் மிக எளிதாக உறையும் காலம் எது என்று கேட்டால், கர்ப்பத்தின் கடைசி வாரங்களும் பிரசவத்தை ஒட்டிய நாட்களும் என்பதே விடை. அவள் ரத்தம் இழந்தே இறந்துபோகும் ஆபத்து மிகுந்த காலம் எது என்று கேட்டாலும் விடை அதுவேதான். உலகெங்கும் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் நேரும் தாய்மரணங்களில் 27 விழுக்காடு உதிரப்போக்கால் நேர்பவை. அவற்றில் பெரும்பகுதி குழந்தை பிறந்த பின் வரும் உதிரப்போக்கு. உறைவதற்கு இவ்வளவு ஆயத்தமாக இருக்கும் ரத்தம் ஏன் நிற்காமல் போகிறது? ‘இயற்கை செய்த ஏற்பாடு சில பெண்களுக்குப் போதவில்லை, அவர்களுடைய ரத்தம் பலவீனமானது’ என்ற விடை எளிதாக வாய்க்கு வந்துவிடும். வீடுகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். மருத்துவமனை வராந்தாக்களிலும் அந்தப் பேச்சு கேட்கிறது. அது பெரும்பாலும் தவறு என்பதே என் வாதம். பிரசவத்துக்குப் பின் உதிரத்தை முதலில் நிறுத்துவது ரத்தத்தின் உறைவு அல்ல, கருப்பைத் தசையின் இறுக்கம். உறைவு அதற்குப் பின்னால் நிற்கும் சேமிப்பு. தசை தவறினால் அந்தச் சேமிப்பு ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். ஆகவே பெரும்பாலான தாய்மார்களில் ரத்தம் உறையாமல் போவது உதிரப்போக்கின் காரணமல்ல. உதிரப்போக்கை நாம் தாமதமாகக் கண்டதன் விளைவு.

முதலில் அந்த இடத்தின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். கர்ப்பம் இல்லாத காலத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் ரத்தம் போகிறது. பத்தாம் மாதத்தில் அது 500 முதல் 700 மில்லிலிட்டர் ஆகிவிடுகிறது. அதில் பெரும்பங்கு நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்துக்குப் போகிறது. அந்த இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சுருள் தமனிகள் கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு திறக்கின்றன. சாதாரணமாக ஒரு தமனி அறுபட்டால் அதன் சுவரிலுள்ள தசை சுருங்கித் துளையைக் குறுக்கிக்கொள்ளும். வெட்டுக்காயத்தில் ரத்தம் சீக்கிரம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுருள் தமனிகளால் அப்படிச் செய்ய முடியாது. கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் புகுந்து, சுவரிலிருந்த தசையை அழித்து, அவற்றைத் தளர்ந்த அகலக் குழாய்களாக்கிவிடுகின்றன. குழந்தைக்குத் தடையின்றி ரத்தம் போக வேண்டுமானால் அது நடந்தே ஆக வேண்டும். சரியாக நடக்காத கர்ப்பங்களில் ரத்தக் கொதிப்பும் குழந்தையின் வளர்ச்சிக் குறைவும் வரலாம். ஆனால் நஞ்சுக்கொடி கழன்று விழும் நொடியில், தாமாக மூடிக்கொள்ளத் தெரியாத நூறு வாய்கள் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கின்றன. அவற்றை மூட வேண்டியது அவற்றைச் சுற்றியுள்ள கருப்பைத் தசைதான். அந்தத் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடக்க, அந்தப் பின்னலின் கண்கள் வழியாகவே தமனிகள் வருகின்றன. கருப்பை சுருங்கும்போது கண்கள் இறுகி, ஒவ்வொரு தமனியும் கயிறு போட்டுக் கட்டியதுபோல நெரிபடுகிறது. வயிற்றில் கை வைத்தால் தொப்புளுக்குக் கீழே கிரிக்கெட் பந்துபோல் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும் என்று செவிலியருக்குச் சொல்லித்தருவது இதனால்தான்.

ரத்தத்தின் பங்கு அதன் பிறகு வருகிறது. ஏரியில் மடை உடைந்தால் நம் ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் பலகையை இறக்கி நீரின் வேகத்தை நிறுத்துவார்கள். பலகையின் இடுக்குகளில் களிமண் அப்புவது அதற்குப் பிறகுதான். பலகை இல்லாமல் எத்தனை கூடை மண் கொட்டினாலும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். கருப்பைத் தசை அந்தப் பலகை. உறைவு அந்தக் களிமண். களிமண் இல்லாவிட்டால் கசிவு நிற்காது என்பதும் உண்மை, களிமண்ணால் மட்டும் வெள்ளத்தை நிறுத்த முடியாது என்பதும் உண்மை.

அந்தக் களிமண்ணைத்தான் உடல் ஒன்பது மாதமாகச் சேர்த்துவைக்கிறது. ரத்தம் உறைவது என்றால், ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஃபைப்ரின் என்ற நூலாக மாறி வலைபோலப் பின்னிக்கொள்வது. அதை நூலாக மாற்றுவது த்ராம்பின். அந்த த்ராம்பின் உருவாவதற்கு எண்ணிட்ட பல உறைவுக் காரணிகள் ஒன்றையொன்று தூண்டிவிட வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஏழாம், எட்டாம், பத்தாம் காரணிகள் கூடுகின்றன. ரத்தத் தட்டுகளைக் காயத்தில் ஒட்டவைக்கும் வான் வில்லிப்ராண்டு காரணியும் கூடுகிறது. உறைவுக்குக் கடிவாளம் போடும் புரதம் எஸ் குறைகிறது. உறைந்த கட்டியைக் கரைக்கும் வேலைக்குத் தடை போடும் பொருட்களை ரத்தக் குழாய்ச் சுவரும் நஞ்சுக்கொடியும் சுரப்பதால் கரைதலும் மந்தமாகிறது. இவை எல்லாவற்றிலும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் ஃபைப்ரினோஜனைச் சொல்வேன். சாதாரணமாக லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் இருப்பது கர்ப்ப முடிவில் 4 முதல் 6 கிராமாக உயர்கிறது. இதற்கு உடல் ஒரு விலையும் கொடுக்கிறது. காலின் ஆழ்ந்த சிரைகளில் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பு கர்ப்பத்தில் நான்கைந்து மடங்காகிறது, பிரசவத்துக்குப் பிறகான வாரங்களில் இன்னும் கூடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தசைதான் முதல் காவல் என்றால் இவ்வளவு விலை கொடுத்து உடல் ஏன் உறைவுத் திறனை உயர்த்துகிறது, தசையே போதுமே என்று கேட்கலாம். பிறவியிலேயே உறைவுக் குறை உள்ள பெண்களிடம் இதற்கு விடை இருக்கிறது. வான் வில்லிப்ராண்டு நோய் உள்ள பெண்களில் பலருக்குக் கர்ப்பத்தில் அந்தக் காரணி உயர்ந்து, ஏறத்தாழ இயல்பு நிலைக்கே வந்துவிடுகிறது. பிரசவ அறையில் அவர்களுடைய கருப்பையும் மற்றவர்களுடையதைப் போலவே சுருங்குகிறது. பிரசவத்துக்குப் பிறகு அந்தக் காரணி ஒன்றிரண்டு வாரங்களில் பழைய தாழ்ந்த அளவுக்கு இறங்கிவிடும். அவர்களுக்குப் பிரசவ அறையிலும் ஆபத்து கூடுதல்தான். என்றாலும் அந்நோய்க்கே உரிய உதிரப்போக்கு, வீட்டுக்குப் போன பிறகு, ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்து வருவது. ஃபைப்ரினோஜன் அறவே இல்லாமல் பிறக்கும் அபூர்வமான பெண்களுக்கோ, அதை ஊசி வழியே தொடர்ந்து கொடுத்தால் ஒழியக் கர்ப்பமே ஆரம்ப மாதங்களில் தங்குவதில்லை. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் வேலைப் பங்கீடு தெளிவாகிறது. நஞ்சுக்கொடியைச் சுவரோடு ஒட்டவைத்துக் காப்பதும், பிரசவத்துக்குப் பின் நாட்கணக்கில் அந்தப் புண்ணை மூடி வைத்திருப்பதும் உறைவின் வேலை. முதல் சில நிமிடங்களின் வெள்ளத்தை நிறுத்துவது தசையின் வேலை. பிரசவத்துக்குப் பின்வரும் உதிரப்போக்கில் பத்தில் ஏழு கருப்பை சுருங்காததால் வருவது. பிறப்புவழிக் கிழிசலும் உள்ளே தங்கிவிட்ட நஞ்சுத் துணுக்கும் மீதியில் பெரும்பகுதி. உறைவுக் குறையே முதல் காரணமாக இருப்பது நூற்றில் ஒன்று அளவில்தான் என்று மகப்பேறு நூல்கள் பிரித்துச் சொல்வதும் இதோடு பொருந்துகிறது.

இனி அந்தச் சேமிப்பு எப்படிக் கரைகிறது என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். கற்பனையான ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்துக்கு முன் 45 கிலோ எடை, மூன்றாவது பிரசவம், ஹீமோகுளோபின் 10 கிராம். நம் நாட்டில் அவள் அரிதானவள் அல்ல. கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் கொள்ளளவு 40 முதல் 50 விழுக்காடு கூடுவதால், பத்தாம் மாதத்தில் அவள் உடலில் சுமார் நாலரை லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் சிவப்பணுக்கள் நீங்கலாகப் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி 3 லிட்டர். லிட்டருக்கு 5 கிராம் வீதம் அவளிடமுள்ள ஃபைப்ரினோஜன் 15 கிராம். ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையின் எடையைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். நஞ்சு பிரிந்த புண்ணை மூடுவதற்கே அதில் ஏறத்தாழ 1 கிராம் போய்விடும். எல்லாம் நல்லபடி நடக்கும் பிரசவத்திலும் அது போகும். மீதி 14. இவளுடைய கருப்பை சுருங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லிட்டர் ரத்தம் வெளியேறுகிறது. அதில் பிளாஸ்மா 1 லிட்டர், ஃபைப்ரினோஜன் 5 கிராம். மீதி 9. ரத்த அழுத்தம் இறங்குவதைப் பார்த்துச் சலைன் ஏற்றுகிறார்கள். அதைச் செய்யத்தான் வேண்டும். சலைனில் ஒரு பகுதி திசுக்களுக்குள் போக, மீதியால் குழாய்களுக்குள் கொள்ளளவு பழையபடி நாலரை லிட்டருக்கு வருகிறது. ஆனால் சிவப்பணுக்கள் குறைந்துவிட்டதால் இப்போது பிளாஸ்மா மூன்றரை லிட்டர். 9 கிராம் மூன்றரை லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு இரண்டரை கிராம்தான். கருப்பைக்குள்ளே தேங்கிய கட்டிகள் விழுங்கியதையும் கழித்தால் 2 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஹீமோகுளோபினும் 7-க்குக் கீழே இறங்கியிருக்கும். அவளுடைய ரத்தத்தில் தொடக்கத்தில் எந்தக் குறையும் இருந்ததில்லை. ஒன்றரை லிட்டர் போனதும், போன இடத்தை உப்புநீர் நிரப்பியதும், இப்போது குறையுள்ள ரத்தமாகிவிட்டது. இதற்கு மேல் உடல் குளிர்ந்துபோனால் உறைவு இன்னும் மந்தமாகும். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் ரத்தத்தில் அமிலம் ஏறினாலும் அப்படியே.

லிட்டருக்கு 2 கிராம் என்ற எல்லை என் கணக்கில் தற்செயலாக வந்ததல்ல. பிரான்சில் 128 பெண்களிடம் உதிரப்போக்கு தொடங்கியதுமே ரத்தம் எடுத்து அளந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தொடக்கத்திலேயே ஃபைப்ரினோஜன் 2 கிராமும் அதற்குக் கீழும் இருந்த ஒவ்வொருவருக்கும் உதிரப்போக்கு கடுமையானதாகவே முடிந்தது. 4 கிராமுக்கு மேல் இருந்தவர்களில் ஐவரில் நால்வர் கடுமையான நிலைக்குப் போகவில்லை. அடிக்கடி நடக்கும் ஒரு பிழையை இங்கே குறிப்பிட வேண்டும். பரிசோதனைக்கூடச் சீட்டில் ‘இயல்பு அளவு 2 முதல் 4’ என்று அச்சிட்டிருக்கும். அது கர்ப்பம் இல்லாதவர்களுக்கான அளவு. பிரசவமான தாயின் சீட்டில் 2.3 என்று வந்தால் இயல்புதான் என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். ஐந்து கிராம் இருந்தவள் பாதிக்கு மேல் இழந்துவிட்டாள் என்பதே அந்த எண்ணின் பொருள். மற்ற உறைவுப் பரிசோதனைகள் அந்த நேரத்திலும் பெரும்பாலும் சரியாகவே வரும்; அவை கெடுவதற்கு முன்பே ஃபைப்ரினோஜன் இறங்கிவிடுகிறது.

ஆக, உண்மையான கேள்வி ஒன்றரை லிட்டர் போகும்வரை யாரும் ஏன் பார்க்கவில்லை என்பது. ‘பிரசவ அறையில் அத்தனை பேர் நிற்கும்போது ஒன்றரை லிட்டர் ரத்தம் போவது கண்ணுக்குத் தெரியாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கண் இங்கே இரண்டு வகையில் ஏமாறுகிறது. ரத்தம் ஒரே இடத்தில் தேங்குவதில்லை. துணியில் ஊறுகிறது, பனிக்குட நீரோடு கலக்கிறது, கட்டிலுக்கடியில் வழிகிறது, கருப்பைக்குள்ளேயே நிரம்புகிறது. கர்நாடகத்தின் பெலகாவியில், அளவுக்கோடுகள் இட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் இடுப்புக்குக் கீழே விரித்து ரத்தத்தைப் பிடித்து அளந்து பார்த்தார்கள். கண் மதிப்பீடு அந்த அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இரண்டாவது ஏமாற்று தாயின் உடலே செய்வது. கர்ப்பத்தில் கூடிய ஒரு லிட்டருக்கு மேற்பட்ட ரத்தம் இழப்பை முதலில் தாங்கிக்கொள்கிறது. இளம்பெண்ணின் ரத்தக் குழாய்கள் நன்றாகச் சுருங்கி அழுத்தத்தை விடாமல் பிடித்து நிற்கின்றன. ஒரு லிட்டர் போன பிறகும் அழுத்தம் 110/70 என்று காட்டலாம். தாங்க முடியாத எல்லை வந்ததும் படிப்படியாக இறங்காமல் ஒரேயடியாகச் சரிகிறது. நாடித்துடிப்பு அதற்கு முன்பே ஏறத் தொடங்குவதால், நாடியையும் மேல் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நாடி எண்ணை மேல் அழுத்த எண்ணால் வகுத்தால் நலமான தாய்க்கு 0.9-க்குள் இருக்கும். நாடி 112, அழுத்தம் 108 என்றால் தனித்தனியே இரண்டும் அச்சமூட்டுவதில்லை. வகுத்தால் ஒன்றைத் தாண்டிவிட்டது. கை வைத்திருக்கும் செவிலியர் அந்த நொடியே ஆள் கூப்பிட வேண்டும்.

அளந்து பார்ப்பதால் உண்மையில் உயிர் பிழைக்குமா, அல்லது ஏட்டில் எழுத இன்னும் ஓர் எண் கிடைக்குமா? இந்த ஐயத்துக்கு 2023-இல் விடை கிடைத்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைக் கொண்டு நடந்த இ-மோட்டிவ் ஆய்வு அது. பாதி மருத்துவமனைகளில் வழக்கமான முறை. மறுபாதியில் அளவுக்கோடு விரிப்பு; அது அபாய அளவைக் காட்டியதும் கருப்பையைத் தேய்த்துவிடுதல், ஆக்ஸிடோசின், டிரனெக்ஸாமிக் அமிலம், சலைன், கிழிசலும் நஞ்சுத் துணுக்கும் உண்டா என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்று பலிக்கிறதா என்று காத்திராமல் கால் மணி நேரத்துக்குள் ஒரே தொகுப்பாகச் செய்தல். வழக்கமான முறையில் உதிரப்போக்கு வந்தவர்களில் பாதிப்பேரைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள். விரிப்பு வைத்த இடங்களில் 93 விழுக்காட்டினரை. ஒரு லிட்டருக்கு மேல் இழப்பது, உதிரப்போக்குக்காக வயிற்றைத் திறப்பது, அதனால் இறப்பது ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 4.3 விழுக்காடு 1.6 ஆகக் குறைந்தது. அங்கே புதிய மருந்து ஒன்றுகூட இல்லை. அந்த நான்கு நாட்டுத் தாய்மாரின் ரத்தம் திடீரென்று வலுப்பெறவும் இல்லை. சேமிப்பு கரைவதற்குமுன் ஆட்கள் வந்தார்கள். 500 மில்லிலிட்டர் ஆகும்வரை காத்திராமல், 300 மில்லிலிட்டரிலேயே நாடியோ அழுத்தமோ மாறியிருந்தால் சிகிச்சையைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வழிகாட்டுதலை மாற்றியதற்கு இந்தச் சான்றும் பின்னணியில் இருந்தது. நம் கணக்கிலுள்ள தாய்க்கு 300 மில்லிலிட்டரில் போயிருக்கும் ஃபைப்ரினோஜன் 1 கிராம். ஒன்றரை லிட்டரில் போனது 5. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது பல தாய்மாரில் இருபது முப்பது நிமிடம்.

டிரனெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு எதிரெதிர் மறுப்புகள் அதன்மேல் வந்து விழுகின்றன. இது ஜப்பானில் உதாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகே ஒகாமோட்டோவும் கண்டறிந்த மருந்து. உதாகோ பிரசவத்துக்குப் பின்வரும் உதிரப்போக்கை மனத்தில் வைத்தே அந்த ஆய்வில் இறங்கியவர். இம்மருந்து புதிதாக எதையும் உறையவைப்பதில்லை. உறைந்த வலையை அறுக்கும் நொதி அந்த வலையைப் பற்றிக்கொள்ளாதபடி தடுக்கிறது; அப்பிய மண்ணை வெள்ளம் அரிக்காமல் காப்பதுபோல. 2017-இல் வெளியான உமன் ஆய்வில் 21 நாடுகளில் உதிரப்போக்குக்கு ஆளான 20,060 பெண்களில் பாதிப்பேருக்கு இதை 1 கிராம் ஊசியாகக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் பெற்றவர்களில் உதிரப்போக்கால் இறந்தவர் 1.2 விழுக்காடு, மருந்து பெறாதவர்களில் 1.7. மூன்று மணி கடந்தபின் கொடுத்தவர்களுக்குப் பயனில்லை. பின்னர் நடந்த ஒரு கூட்டாய்வின்படி ஒவ்வொரு கால் மணி நேரத் தாமதத்துக்கும் பயனில் பத்தில் ஒரு பங்கு கழிகிறது.

முதல் மறுப்பு இது: ஏற்கெனவே கட்டிப்படத் துடிக்கும் ரத்தத்தில் கட்டி கரையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் காலிலும் நுரையீரலிலும் கட்டி அடைக்காதா? இந்த அச்சத்துக்கு உடலியலில் இடமிருக்கிறது. அதை அலட்சியமாக ஒதுக்கக் கூடாது. ஆனால் எண்ணிப் பார்த்தபோது உமன் ஆய்வின் இரு பிரிவிலுமே ரத்தக்கட்டி அடைப்பு ஆயிரத்தில் மூவருக்குத்தான் வந்தது. மருந்து ரத்தத்தில் சில மணி நேரமே நிற்கிறது. கால்சிரைக் கட்டியின் ஆபத்து வாரக்கணக்கில் நீள்வது. மறுபக்கத்து மறுப்பு இன்னும் கவர்ச்சியானது: இவ்வளவு நல்ல மருந்தென்றால் உதிரப்போக்கு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், ரத்தசோகை உள்ள எல்லாத் தாய்மாருக்கும் முன்கூட்டியே போட்டுவிடலாமே? அதையும் சோதித்தார்கள். பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, ஜாம்பியா நாடுகளில் ரத்தசோகையுள்ள 15,068 பெண்களில் பாதிப்பேருக்குக் குழந்தை பிறந்ததும் கொடுத்துப் பார்த்ததில் உதிரப்போக்கு குறையவில்லை: மருந்து பெற்றவர்களில் 7 விழுக்காடு, பெறாதவர்களில் 6.6. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. உதிரப்போக்கு தொடங்குவது களிமண் குறைவதால் என்றால் களிமண்ணைக் காக்கும் மருந்து அதைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. தொடங்கிவிட்ட உதிரப்போக்கு மரணமாக முற்றும் கட்டத்தில்தான் அது கை கொடுக்கிறது. பிரசவமான ஒவ்வொரு தாய்க்கும் முன்கூட்டியே போட வேண்டிய ஊசி கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட். அதன் இடத்தில் டிரனெக்ஸாமிக் அமிலத்தை வைக்க முடியாது. வெயிலில் கிடந்து வீரியம் இழந்த ஆக்ஸிடோசின் குப்பி அதனால்தான் ஆபத்தானது. ஊசி போட்டாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது தசை தளர்ந்தே கிடக்கும்.

என் வாதத்துக்கு ஒரு விலக்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. நஞ்சுக்கொடி பிரசவத்துக்கு முன்பே சுவரிலிருந்து பிய்ந்துவிடும் தாய்மார்களிடமும், பனிக்குட நீர் ரத்த ஓட்டத்தில் கலந்துவிடும் அபூர்வமான தாய்மார்களிடமும் உறைவே முதலில் உடைகிறது. நஞ்சுக்கொடியில் உறைவைத் தூண்டும் பொருள் ஏராளம். அது தாயின் ரத்தத்தில் கலந்தால் உடலெங்கும் சிறுசிறு கட்டிகள் தோன்றி, ஃபைப்ரினோஜன் முழுவதும் வீணாகத் தீர்ந்துபோகும். அப்போது வெளியே அரை லிட்டர்கூடப் போயிருக்காது. ரத்தமோ தண்ணீராக இருக்கும். கருப்பை கெட்டியாக இருக்கிறது, கிழிசல் எதுவும் இல்லை, ஆனாலும் ரத்தம் வழிகிறது, ஊசி குத்திய துளையிலும் கசிகிறது, விரிப்பில் விழுந்தது கட்டிபடாமல் நீர்போலவே கிடக்கிறது என்றால் இந்த வகைதான் என்று சந்தேகிக்க வேண்டும். விலக்கு என்றாலும் இது வாதத்தின் மற்றொரு பாதியை உறுதிப்படுத்துகிறது: பலகை சரியாக இறங்கியும் களிமண் இல்லாவிட்டால் கசிவு நிற்காது. எந்த வகை என்று பிரித்தறியாமல் ஆக்ஸிடோசினையே மேலும் மேலும் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் இங்கே நேரத்தை இழக்கிறார்கள்.

பிரித்தறியப் பெரிய கருவி தேவையில்லை. பரிசோதனைக்கூடம் இல்லாத தாலுகா மருத்துவமனையிலும் நடு இரவில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சுத்தமான, உலர்ந்த, மருந்து எதுவும் தடவாத சிறிய கண்ணாடிக் குழாயில் தாயின் கைச்சிரையிலிருந்து 2 மில்லிலிட்டர் ரத்தம் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது, அதில் உறைவு தாமதமாகும். குழாயை உள்ளங்கையில் மூடிப் பிடித்து உடற்சூட்டில் வைத்திருந்து, நான்கு நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அதன்பின் நிமிடத்துக்கு ஒருமுறை. குழாயைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டிக் கட்டி ஏழு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் உறைவு பெரும்பாலும் சரியாக இருக்கிறது. தசையையும் கிழிசலையும் மறுபடி தேட வேண்டும். ஏழு நிமிடமாகியும் கட்டவில்லை, அல்லது கட்டியது ஆட்டியதும் உடைந்து கரைகிறது என்றால் ஃபைப்ரினோஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது. ரத்த வங்கிக்குப் பேசும்போது என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம். உறையவைத்த பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம்தான் இருக்கும்; 2 கிராமுக்கு இறங்கிவிட்ட தாய்க்கு அதை எத்தனை பை ஏற்றினாலும் அந்த அளவு மேலே ஏறாது. அந்தப் புரதத்தைச் செறிவாகக் கொண்ட கிரையோபிரசிபிடேட்டைக் கேட்க வேண்டும். அது உறைநிலையில் இருப்பதை உருக்கவே அரை மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், கண்ணாடிக் குழாய் கையில் சூடேறிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் தொலைபேசியில் சொல்லிவைத்துவிடலாம். அது வரும்வரை ஒருவர் ஒரு கையை உள்ளேயும் மறு கையை வயிற்றின் மேலும் வைத்துக் கருப்பையை இரு கைகளுக்கும் இடையே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.